பத்து கிலோ ஓம் எப்படி ஒரு மெகா ஓம் ஆகிறது?

1927ஆம் ஆண்டு பெல் ஆய்வகத்தின் ஹரோல்ட் பிளாக் எதிர்மறைப் பின்னூட்டத்தைக் கண்டறிந்தபோது, அவருக்கு வேண்டியிருந்தது தொலைபேசிப் பெருக்கிகளில் சிதைவைக் குறைக்கும் வழி. ஆனால் அதே பின்னூட்டம் பெருக்கியின் உள்ளீட்டு, வெளியீட்டு மின்தடைகளையும் மாற்றிவிடுகிறது. எனக்கு அதைவிட வியப்பானது இதுதான்.

உள்ளீட்டில் தொடரிணைப்பு, வெளியீட்டில் பக்க இணைப்பு என்ற வகையை எடுத்துக்கொள்வோம். வெளியீட்டு மின்னழுத்தத்தின் ஒரு பங்கு திரும்பி வந்து, உள்ளீட்டிலிருந்து கழிக்கப்படும். நம் பெருக்கியின் பெருக்கம் 990, உள்ளீட்டுத் தடை 10 கிலோ ஓம், வெளியீட்டுத் தடை 1 கிலோ ஓம் என்று வைப்போம். வெளியீட்டிலிருந்து 9 கிலோ ஓம், 1 கிலோ ஓம் தடைகள் பத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகின்றன. அவை தரும் சுமையையும் இந்த எண்களிலேயே சேர்த்துவிட்டோம்.

உள்ளே 100 மில்லிவோல்ட் கொடுத்தால் வெளியே 990 மில்லிவோல்ட் கிடைக்கும். அதில் 99 திரும்பி வரும். ஆகவே பெருக்கியின் உள்ளீட்டு முனைகளுக்கு இடையே மிஞ்சுவது 1 மில்லிவோல்ட்தான். 10 கிலோ ஓமுக்குக் குறுக்கே அது செலுத்தும் மின்னோட்டம் 0.1 மைக்ரோஆம்பியர். 100 மில்லிவோல்ட் கொடுத்த மூலம் தருவது இவ்வளவே. ஆகவே அதன் கண்ணுக்கு எதிரே நிற்பது ஒரு மெகா ஓம். உள்ளிருக்கும் தடை மாறவில்லை, அதன் குறுக்கே உள்ள அழுத்தம்தான் நூறில் ஒன்றாகச் சுருங்கியது.

இனி வெளியீடு. உள்ளீட்டைச் சுழியாக்கி, வெளியீட்டு முனையில் நாமே 100 மில்லிவோல்ட் கொடுக்கிறோம். அதில் 10 மில்லிவோல்ட் திரும்பி வந்து கழிபடும். பெருக்கி அதை 990 மடங்காக்கி, உள்ளே எதிர்த்திசையில் 9.9 வோல்ட்டை எழுப்பும். 1 கிலோ ஓமின் ஒரு பக்கம் +0.1 வோல்ட், மறுபக்கம் -9.9 வோல்ட், இடைவெளி 10 வோல்ட், மின்னோட்டம் 10 மில்லிஆம்பியர். 100 மில்லிவோல்ட்டை அதால் வகுத்தால் 10 ஓம். அங்கே நூறு மடங்கு ஏற்றம், இங்கே நூறு மடங்கு இறக்கம். அந்த நூறு, ஒன்றுடன் 990-இல் பத்தில் ஒரு பங்கைக் கூட்டக் கிடைப்பது:

`1 + Aβ = 1 + 990 × 0.1 = 100`

மேசையில் சோதிப்பது எளிது. வெளியீட்டில் 1 கிலோ ஓம் சுமை மாட்டினால், பின்னூட்டம் இல்லாதபோது அழுத்தம் பாதியாக விழும். இருந்தால் 990 மில்லிவோல்ட் சுமார் 980-க்குத்தான் இறங்கும்.

ஆனால் அதிர்வெண் ஏறும்போது பெருக்கம் குறையும், வெளியீட்டுத் தடையும் பழைய 1 கிலோ ஓமை நோக்கித் திரும்பும். அதிர்வெண்ணோடு ஏறும் தடை என்பதால், வெளியீடு ஒரு கம்பிச்சுருள் போல நடந்துகொள்கிறது. நீண்ட கேபிளின் மின்தேக்கத்தோடு அது சேர்ந்தால் அலைவு கிளம்பும். ஆஸிலோஸ்கோப்பில் சதுர அலையின் விளிம்பில் நடுக்கம் தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகிக்க வேண்டும். பின்னூட்டம் எடுக்கும் புள்ளிக்கு அப்பால், கேபிளுக்கு முன்னால், சில பத்து ஓம் தடையைத் தொடராகச் சேர்த்தால் பெரும்பாலும் அது அடங்கும்.