ஞாயிறன்று செய்த கோப்பை எப்போது வீட்டுக்கு வரும்?

"தொடக்கநிலை மட்பாண்ட வகுப்பு. சனி, ஞாயிறு மட்டும். பொருட்கள் கட்டணத்தில் அடக்கம். செய்ததை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம்." நகரங்களில் இப்போது இப்படிப்பட்ட அறிவிப்புகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. பணம் கட்டுவதற்கு முன் நின்று விசாரிக்க வேண்டியது அதன் கடைசி வாக்கியத்தைத்தான்.

வார இறுதி வகுப்பு என்பது வேலைக்குப் போகிறவர்களின் வசதிக்காக மட்டும் அல்ல. மண்ணுக்கும் அது தோதானது. சனிக்கிழமை சக்கரத்தில் ஏற்றிய கோப்பை ஈரமாகத் தளதளவென்றிருக்கும், தொட்டால் நெளியும். பிளாஸ்டிக் தாளால் தளர மூடி ஓர் இரவு வைத்தால் கொஞ்சம் இறுகிவிடும். மறுநாள் கையில் எடுத்தால் நெளியாது. நகத்தால் கீறினால் கோடு விழும். அடிப்பகுதியைச் சீவிப் பாதம் எடுக்கவும் கைப்பிடி ஒட்டவும் அதுதான் சரியான பதம். இரண்டு மணி நேர வகுப்பில் இந்தப் பதம் வராது. அங்கே அடியைச் சீவும் வேலையைப் பெரும்பாலும் ஆசிரியரே பிறகு செய்துவைப்பார். அதனால் இரண்டு நாள் வகுப்பையே நான் பரிந்துரைப்பேன்.

கைப்பிடியில்தான் புதியவர்களின் கோப்பைகள் அதிகம் விரிசல் விடுகின்றன. கோப்பை பாதி உலர்ந்திருக்க, கைப்பிடி ஈரமாக இருந்தால், காயும்போது கைப்பிடி அதிகமாகச் சுருங்கி ஒட்டிய இடத்தில் பிளந்துகொள்ளும். இரண்டும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும். ஒட்டும் இடங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, மண் கரைசல் தடவி அழுத்த வேண்டும்.

அடுத்தது "பொருட்கள் அடக்கம்". ஒரு கோப்பைக்குச் சுமார் அரை கிலோ களிமண் போதும். மண்ணைச் சக்கரத்தின் நடுவில் ஆடாமல் நிறுத்துவதற்குள் முதல் சில உருண்டைகள் சரிந்துவிடும். ஆனால் அவை வீணாவதில்லை. சுடாத மண்ணைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்தால் மறுபடி பயன்படும். ஆகவே எத்தனை கிலோ மண் தருகிறார்கள் என்பது பெரிய கேள்வி அல்ல. செலவு பிடிப்பது சூளை. எத்தனை பொருட்களைச் சுட்டுத் தருவார்கள், கிளேஸ் எனப்படும் பளபளப்புப் பூச்சும் இரண்டாவது சூடும் கட்டணத்தில் சேருமா, இவற்றைக் கேளுங்கள்.

இனி வீட்டுக்கு வரும் கதை. ஞாயிறு மாலையே கோப்பையைக் கையில் கொடுத்தால் அது சுடாத மண். காப்பி ஊற்றினால் கரையத் தொடங்கும். சூளைக்குள் போகுமுன் அது முழுக்க உலர வேண்டும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்றிருக்கிறதா? உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அந்த ஈரம் சூளையில் நீராவியாகி, வெளியேற வழியில்லாமல் கோப்பையை வெடிக்க வைக்கும். தடித்த அடி கொண்ட கோப்பைகளுக்கே இந்த ஆபத்து அதிகம். வெயில் காலத்தில் ஒரு வாரத்தில் உலர்வது மழைக்காலத்தில் இன்னும் இழுக்கும்.

முதல் சூடு ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸ். 600 டிகிரியைத் தாண்டும்போதே மண்ணின் கட்டமைப்பில் கலந்திருக்கும் நீரும் போய்விடும். அதன்பின் அது மறுபடி களிமண் ஆகாது. பிறகு கிளேஸில் முக்கி எடுத்து, பாதத்தில் ஒட்டியதை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் கிளேஸ் உருகி, கோப்பை சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்டோன்வேர் வகை மண் என்றால் இரண்டாவது சூடு 1200 டிகிரிக்கு மேல் போகும். 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பட்டறை பெயர் பெற்றது இந்த வகையில்தான். அந்தச் சூட்டில் மண் இறுகித் தண்ணீரை உறிஞ்சாததாகிறது. நம் ஊர்ப் பானை அதைவிடக் குறைந்த சூட்டில் வெந்தது. நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளிருக்கும் தண்ணீர் குளிர்கிறது. பானைக்கு அது நல்லது, காப்பிக் கோப்பைக்கு ஆகாது.

இவ்வளவும் முடிந்து கோப்பை கைக்கு வர மூன்று, நான்கு வாரங்கள் ஆகலாம். வரும்போது சிறியதாகவும் இருக்கும். ஸ்டோன்வேர் மண் உலர்ந்து வெந்து முடிவதற்குள் நீளத்தில் சுமார் 12 சதவீதம் சுருங்கும் என்று வைத்துக்கொள்வோம். 10 சென்டிமீட்டர் உயரக் கோப்பை 8.8 ஆகிவிடும். அகலமும் அதேபோல் குறைவதால் கொள்ளளவு மூன்றில் ஒரு பங்கு போய்விடும்: ஈரமாக இருந்தபோது 300 மில்லி பிடித்திருக்கும் கோப்பை, வெந்தபின் 200 மில்லிதான் பிடிக்கும். மனத்தில் இருக்கும் அளவைவிடப் பெரிதாகவே வனையுங்கள்.

வகுப்பு நடத்துகிறவர்கள் அறிவிப்பை இப்படி எழுதினால் வருகிறவர்களுக்கு எல்லாம் விளங்கிவிடும்: "சனி வனைதல், ஞாயிறு அடி சீவிக் கைப்பிடி ஒட்டுதல். மண், கருவிகள், கிளேஸ், இருமுறை சுடுதல் கட்டணத்தில் அடக்கம். ஒருவருக்கு இரண்டு கோப்பைகள். ஈயம் சேராத கிளேஸ், உணவுக்குப் பயன்படுத்தலாம். நான்கு வாரம் கழித்து வந்து பெற்றுக்கொள்ளலாம். சூளையில் உடைந்தால் இன்னொன்று வனைய இடம் தருவோம்."