இரவு ஏன் இருட்டு?

பண்டத்தரிப்பில் அடர்ந்த பனங்கூடலுக்குள் நான் எப்பக்கம் பார்த்தாலும் பார்வை ஒரு பனையில் முட்டும். முடிவில்லாத வானத்திலும் அப்படியே எங்கும் நட்சத்திரம் தெரியவேண்டுமே! 1823இல் ஜேர்மன் வானியலாளர் ஒல்பர்ஸ் இதைக் கேட்டார்.

தூரம் இருமடங்கானால் ஒரு நட்சத்திரத்தின் ஒளி நாலிலொன்றாகக் குறையும். ஆனால், அந்தத் தூரத்தில் சம தடிப்புள்ள படையொன்றில் நட்சத்திரங்கள் நான்கு மடங்காகும். ஆகவே ஒவ்வொரு படையும் சம ஒளி தரும். இரவும் சூரியனைப்போல் எரியவேண்டும். இடையிலுள்ள பொருள் ஒளியை மறைக்கிறது என்றார் ஒல்பர்ஸ். ஆனால் அதுவும் சூடாகி ஒளிருமே!

உண்மையான முதற்காரணம் வயது. பிரபஞ்சத்துக்கு வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள். அதைவிட நீண்ட பயணம் வேண்டிய ஒளி இன்னும் எம்மை வந்தடையவில்லை. வந்த ஒளியும், பிரபஞ்சம் விரிவதால் அலைநீளம் கூடி மங்குகிறது. நட்சத்திரங்களுக்கிடையே நாம் காணும் இருள், அவை எக்காலமும் ஒளிர்ந்துகொண்டிருக்கவில்லை என்பதற்குச் சாட்சி.