கூரியரில் வந்த பொருள் உடைஞ்சிருக்கா? இழப்பீடு கேட்பது எப்படி?

கோவையில் இருந்து நீங்க கூரியரில் அனுப்பிய 6,000 ரூபாய் மிக்ஸி, சென்னையில் உடைந்து போய்ச் சேருகிறது என வைத்துக்கொள்வோம். கேட்டால், "ரசீதுக்குப் பின்னாடி பாருங்க சார், 100 ரூபாய்தான் தருவோம்" என்கிறார்கள். இது செல்லுமா?

நீங்க கையெழுத்துப் போட்ட ரசீது என்றால், பெரும்பாலும் செல்லும். பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. கையெழுத்தே வாங்கவில்லை, நிபந்தனையை விளக்கவும் இல்லை என்றால், முழுத் தொகையையும் கேட்டு வாதாடலாம். அதனால் முதலில் ரசீதை எடுத்துப் பாருங்க.

அடுத்தது ஆதாரம். பார்சலை வாங்குபவர், டெலிவரி ஷீட்டில் 'பெட்டி நசுங்கியுள்ளது' என்று எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். பிரிப்பதை வீடியோ எடுக்கணும். பெட்டியையும் உள்ளே வைத்த தெர்மாகோலையும் தூக்கிப் போடக்கூடாது. 'பேக்கிங் சரியில்லை' என்பதுதான் அவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில்.

அன்றைக்கே பில், படங்கள், ரசீது எண்ணுடன், கேட்கும் தொகையையும் குறிப்பிட்டு மெயில் அனுப்புங்க. பதில் இல்லையா? 1915-ல் புகார் செய்யலாம். அதற்கும் அசையவில்லை என்றால், 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

அடுத்த முறை விலையுள்ள பொருளை அனுப்பும்போது, அதன் மதிப்பை ரசீதில் எழுதி, இன்சூரன்ஸும் போட்டுவிடுங்க.