பார்வையாளர் எந்த நொடியில் போகிறார்?

எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு யூடியூப் கூடுதல் எடை தரத் தொடங்கியது 2012-இல். அந்த ஆண்டு மார்ச்சில் பரிந்துரைப் பட்டியலும் அக்டோபரில் தேடல் முடிவுகளும் இந்தக் கணக்குக்கு மாறின. அதுவரை முகப்புப் படத்தில் ஆசை காட்டிக் கிளிக் வாங்கினாலே போதுமாக இருந்தது. அதன் பிறகு, திறந்தவர் எப்போது போகிறார் என்பது ஒவ்வொரு சேனலுக்கும் முக்கியமான கேள்வியாகிவிட்டது.

*

அந்தக் கேள்விக்கான விடை யூடியூப் ஸ்டூடியோவில், ஒவ்வொரு வீடியோவின் அனலிட்டிக்ஸ் பக்கத்திலும் கோடாக வரைந்து கிடக்கிறது. திரையில் அதன் பெயர் Audience retention. வீடியோ வெளியாகி ஓரிரு நாளில் தெரியத் தொடங்கும். இடமிருந்து வலம் போவது வீடியோவின் நேரம். கோட்டின் உயரம், அந்த நொடி எத்தனை முறை பார்க்கப்பட்டது என்பதை மொத்தப் பார்வைகளால் வகுத்துக் கிடைக்கும் சதவீதம். ஒருவரே ஒரு நொடியை மூன்று முறை பின்னால் இழுத்துப் பார்த்தால் மூன்றும் கணக்கில் சேரும். அதனால்தான் கோடு சில இடங்களில் 100 சதவீதத்தையும் தாண்டுகிறது. பிழையோ என்று பயப்பட வேண்டாம்.

*

கோட்டுக்குக் கீழே இருக்கும் பரப்புதான் உங்கள் சராசரிப் பார்வை நேரம். கோட்டின் சராசரி உயரம் 46 சதவீதம் என்றால், பத்து நிமிட வீடியோவை மக்கள் சராசரியாக நான்கரை நிமிடத்துக்குச் சற்று மேல் பார்த்திருக்கிறார்கள். ஆனால் இந்தச் சராசரியை மட்டும் பார்த்து ஒன்றும் செய்ய முடியாது. எல்லோரும் பாதியில் போனாலும் 50 சதவீதம் வரும். பாதிப்பேர் முதல் நொடியில் போய், மீதிப்பேர் முடிவுவரை இருந்தாலும் அதே எண் வரும். இரண்டுக்கும் மருந்து வேறு. கோட்டின் வடிவத்தைப் பார்த்தால்தான் எது என்று தெரியும்.

*

ஒரு வீடியோவை வைத்துப் பார்ப்போம். லைனிங் ப்ளவுஸ் கட்டிங், பத்து நிமிடம். தமிழில் தையல் கற்றுக்கொடுக்கும் சேனல்கள் ஏராளம் என்பதால் பலருக்கும் பழகிய வகை. எண்களை விளக்கத்துக்காக நானே அமைத்திருக்கிறேன். வடிவங்கள் இந்த வகை வீடியோக்களில் அடிக்கடி காணப்படுபவை.

முதல் 40 நொடி: வணக்கம், சேனல் பெயர், சப்ஸ்கிரைப் பண்ணுங்கள் என்ற வேண்டுகோள், இந்தத் துணியை எங்கே வாங்கினேன் என்ற கதை. கோடு 100-இலிருந்து 54-க்கு இறங்குகிறது. அதன்பின் அளவு ப்ளவுஸிலிருந்து அளவெடுத்து, துணியை மடித்து, நீளம் குறிக்கும்வரை 50-ஐ ஒட்டி ஏறக்குறைய நேராக ஓடுகிறது. 3:10-இல் துணியை அயர்ன் செய்வது வருகிறது. கோடு 38-க்குச் சரிகிறது. 3:50-இல் மார்பளவு குறிக்கத் தொடங்கியதும் 47-க்கு ஏறுகிறது. 5:20-இல் ஆம்ஹோல் வளைவு; 60 வரை ஒரு மேடு. பிறகு 40-ஐ நோக்கி மெல்ல இறங்கிக்கொண்டே வந்து, 8:50-இல் ‘அவ்வளவுதாங்க ஃப்ரெண்ட்ஸ்’ என்றதும் பாறையிலிருந்து விழுந்ததுபோல் 18.

*

தொடக்கத்தில் ஒரு சரிவு எல்லா வீடியோவுக்கும் உண்டு. தவறித் தொட்டவர்களும், வேறு ஏதோ தேடி வந்தவர்களும் உடனே போய்விடுவார்கள். அவர்களைப் பிடித்து நிறுத்த முடியாது. யூடியூப் 30-ஆவது நொடியில் எத்தனை சதவீதம் பேர் மிஞ்சினார்கள் என்று தனியாகச் சொல்கிறது. அந்த எண்ணை உங்கள் பழைய வீடியோக்களின் எண்ணோடு ஒப்பிடுங்கள். அதே நீளமுள்ள உங்கள் கடைசிப் பத்து வீடியோக்களைக் கொண்டு ஸ்டூடியோவே ஒரு வழக்கமான அளவை Typical என்று காட்டும். பொதுவாக நல்ல சதவீதம் எது என்று யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் நம்பாதீர்கள். மூன்று நிமிட வீடியோவும் முப்பது நிமிட வீடியோவும் ஒரே சதவீதத்தில் நிற்காது.

*

குழியும் படியும் வெவ்வேறு. அயர்ன் செய்த இடத்தில் 50 சதவீதம் 38 ஆனது. பிறகு 47-க்குத் திரும்பியது. அப்படியானால் அந்தக் காட்சியில் குறைந்த 12-இல் 9 திரும்பி வந்துவிட்டது. அவர்கள் கோபித்துக்கொண்டு போகவில்லை. திரையை இரண்டு தட்டுத் தட்டி முன்னால் தாவியிருக்கிறார்கள். உண்மையில் இழந்தது 3 மட்டும். குழிக்கு மருந்து, அந்தக் காட்சியைச் சுருக்குவது. இறங்கிய கோடு திரும்ப ஏறாமல் அதே மட்டத்தில் படியாக நின்றுவிட்டால் கதை வேறு: போனவர்கள் போனவர்கள்தான். அங்கே வீடியோ தன் தலைப்பில் சொன்ன வாக்கை விட்டு விலகியிருக்கிறதா, அல்லது வந்தவருக்கு வேண்டியது அதற்குள் கிடைத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

சாப்டர் பிரித்துப் போட்ட வீடியோவில் குழிகள் கூடுதலாக இருப்பதும் இயல்பு. தாவுவதற்கு நாமே வழி போட்டுக் கொடுத்திருக்கிறோம். அதற்காகச் சாப்டரை எடுத்துவிடுவது பார்ப்பவருக்குச் செய்யும் அநியாயம்.

*

கோடு விழும் நொடியில் காரணம் இருக்காது. அதற்குச் சற்று முன்னால் இருக்கும். சலிப்பு வந்து, விரல் திரைக்குப் போய், வேறு வீடியோவைத் தொடுவதற்குச் சில நொடிகள் ஆகும். அதனால் சரிவு தொடங்கும் இடத்திலிருந்து ஐந்து, பத்து நொடி பின்னால் போய், என்ன பேசினோம், திரையில் என்ன இருந்தது என்று பாருங்கள். இன்னொரு விஷயம்: யூடியூப் தன் தரவுச் சேவையில் இந்தக் கோட்டை நூறு புள்ளிகளாகத்தான் தருகிறது. பத்து நிமிட வீடியோவுக்கு ஒரு புள்ளி ஆறு நொடி. ஒரு மணி நேர வீடியோவுக்கு 36 நொடி. எனவே நீண்ட வீடியோவில் ‘சரியாக இந்தச் சொல்லில்தான் போனார்கள்’ என்று முடிவுகட்டுவது தவறு.

*

மேடு எப்போதும் பாராட்டு அல்ல. இதைத்தான் பலரும் தவறாகப் படிக்கிறார்கள். 5:20-இல் இருந்த மேட்டைப் பார்த்து, ‘ஆம்ஹோல் காட்சி எல்லோருக்கும் பிடித்திருக்கிறது’ என்று மகிழ்ந்துவிடலாம். காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. முன்பக்க ஆம்ஹோலைப் பின்பக்கத்தைவிட அரை இஞ்ச் உள்ளே வளைத்து வரைய வேண்டும். கற்றுக்கொடுப்பவர் அதை வேகமாக ஒரே முறை சொல்லிவிட்டார். சாக்பீஸ் கோட்டை அவர் கையே மறைக்கிறது. மக்கள் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தது புரியாததால்.

ரசித்துப் பார்த்ததா, புரியாமல் பார்த்ததா என்று கோடு சொல்லாது. திரையில் அப்போது இருந்தது ஓர் அளவோ, எழுத்தோ, கைவேலையோ என்றால் பெரும்பாலும் இரண்டாவதுதான். கமென்ட்டுகளில் அதே இடத்தைப் பற்றிய கேள்வி இருந்தால் சந்தேகமே வேண்டாம். யாராவது அந்த நொடியைக் குறித்து இணைப்பை அனுப்பியிருந்தாலும் மேடு எழும். முகவரியின் கடைசியில் `t=320s` என்றிருந்தால் வீடியோ 5:20-இல்தான் தொடங்கும்.

*

‘அவ்வளவுதாங்க’ என்ற சொல்லுக்கு இருக்கும் வலிமை வேறு எதற்கும் இல்லை. அந்த வீடியோவில் அது சொல்லப்பட்டபின் 70 நொடி மிச்சமிருந்தது. அடுத்த வீடியோவைக் காட்டும் எண்ட் ஸ்கிரீனை யூடியூப் கடைசி 5 முதல் 20 நொடிக்குள்தான் வைக்க விடும். அதாவது ஆள் போனபின்தான் அந்தப் பலகை வந்திருக்கிறது.

*

இனி அடுத்த வீடியோ. அதே சேனல், சுடிதார் டாப் கட்டிங், அதே பத்து நிமிடம். நான் மாற்றச் சொல்வது நான்கு இடம்.

தொடக்கத்தில் வணக்கத்துக்கு முன்பே, தைத்து முடித்த டாப்பைப் போட்டுக் கைக்குழியில் சுருக்கம் விழாததைக் காட்ட வேண்டும். அடுத்த வரியில் இன்று எந்த அளவுக்கு வெட்டுகிறோம் என்று சொல்ல வேண்டும். துணி வாங்கிய கதை விளக்கக் குறிப்புக்குப் போகட்டும். அயர்ன் செய்வதற்குத் திரையில் ஒரு வரி எழுத்து போதும். ஆம்ஹோல் வரும் இடத்தில் கேமரா மேலிருந்து நேராகப் பார்க்க வேண்டும்; கை எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும்; முன்பக்கத்துக்கு எவ்வளவு உள்ளே வளைக்கிறோம் என்ற அளவு திரையில் பத்து நொடியாவது நிற்க வேண்டும். கடைசியில் முடிவுரையே வேண்டாம். கடைசி வெட்டு வெட்டிக்கொண்டிருக்கும்போதே ‘இதைத் தைப்பது எப்படி என்று அடுத்த வீடியோவில் இருக்கிறது’ என்று சொல்லி, அங்கேயே எண்ட் ஸ்கிரீனை வைத்து முடித்துவிட வேண்டும்.

*

புது வீடியோவின் கோட்டை அந்த நான்கு இடத்தில் மட்டும் படியுங்கள். 30-ஆவது நொடி எண் ஏறியதா? குழி போயிற்றா? கடைசிச் சரிவு தள்ளிப்போனதா? ஆம்ஹோல் இடத்தில் மேடு தணிந்திருந்தால் வருத்தப்படாதீர்கள். முதல் தடவையிலேயே புரிந்துவிட்டது என்று அர்த்தம். வேறு இடத்தில் ஏதாவது மாறியிருந்தால் அது தலைப்பாலோ, வந்த கூட்டத்தாலோ இருக்கலாம்.

கூட்டம் என்பது பெரிய விஷயம். முதல் நாள் பார்ப்பவர்களில் உங்களை ஏற்கெனவே அறிந்தவர்கள் அதிகம், பொறுமையாக இருப்பார்கள். யூடியூப் வெளியாட்களுக்குப் பரிந்துரைக்கத் தொடங்கியதும் கோடு தாழும். வீடியோ கெட்டுப்போய்விடவில்லை, நன்றாகப் பரவுகிறது. ஸ்டூடியோவில் சப்ஸ்கிரைப் செய்தவர், செய்யாதவர் என்று கோட்டைப் பிரித்துப் பார்க்க வழி உண்டு. புதியவரைப் புதியவரோடு ஒப்பிடுங்கள். இருபது பார்வை வந்த வீடியோவில் ஓர் ஆள் போனாலே கோடு 5 சதவீதம் விழும். முக்கியத் தருணங்களைக் குறித்துக் காட்ட யூடியூப்பே குறைந்தது 100 பார்வையும் 60 நொடி நீளமும் கேட்கிறது.

*

விளம்பர வருமானத்துக்கு யூடியூப் கேட்கும் தகுதிகளில் ஒன்று, கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை. நம் ப்ளவுஸ் வீடியோவின் சராசரி 4 நிமிடம் 37 நொடி. அந்தக் கணக்கில் 4,000 மணி நேரம் சேர ஏறக்குறைய 52,000 பார்வை வேண்டும். சராசரி 5 நிமிடம் 20 நொடியானால் 45,000 போதும். ஒரு கூட்டத்தைக் கூடுதலாக அழைக்காமல், வந்தவரை 43 நொடி கூடுதலாக இருக்கவைத்ததன் பலன் 7,000 பார்வை.

*

வெளியான வீடியோவை எடுத்துவிட்டு அதே முகவரியில் வேறு கோப்பைப் போட யூடியூப்பில் வழியில்லை. ஆனால் ஸ்டூடியோவின் எடிட்டரில் வேண்டாத பகுதியை வெட்டலாம்; பார்வை எண்ணிக்கையும் கமென்ட்டும் அப்படியே இருக்கும். வெட்டினால் சாப்டர் நேரங்களைத் திருத்த மறக்காதீர்கள். உங்கள் பழைய வீடியோக்களில் இன்றும் தேடி வந்து பார்க்கப்படும் ஒன்றைத் திறந்து, முதல் 40 நொடியைக் கோட்டோடு சேர்த்து ஒருமுறை பாருங்கள். வெட்ட வேண்டியது அங்கே இருந்தால் இன்றே வெட்டிவிடுங்கள்.