வெச்சு மறந்தாலும் ஆறாது

‘கறை நல்லது’ என்ற விளம்பர வாசகத்தைக் கேட்டிராத தமிழ்க் குடும்பம் அரிது. சர்ஃப் எக்செல் சலவைத்தூளுக்காக வந்தது. யூனிலீவர் நிறுவனம் பல நாடுகளில் ஆங்கிலத்தில் ‘டர்ட் இஸ் குட்’ என்று சொல்லிவந்த கருத்துதான் இதற்கு வேர். 2005இல் அது இந்தியில் ‘தாக் அச்சே ஹை’ ஆனது. சேற்றில் விழுந்த தங்கைக்காக அந்தச் சேற்றோடு சண்டைபோட்டு, சீருடையைப் பாழாக்கிக்கொள்ளும் சின்னப் பையனைப் பலருக்கு நினைவிருக்கும்.

டர்ட் என்றால் அழுக்கு. ‘அழுக்கு நல்லது’ என்று எழுதியிருந்தால் அந்தக் கருத்து அப்போதே செத்துப்போயிருக்கும். அழுக்கு என்றதும் நமக்குத் தோன்றுவது குளிக்காத உடம்பும் துவைக்காத துணியும்தான். அதை நல்லது என்று எந்த அம்மாவும் ஒப்புக்கொள்ள மாட்டார். கறை அப்படியல்ல. மாம்பழம் தின்றதால், பேனா கசிந்ததால், மண்ணில் புரண்டதால் வந்தது. அதற்குப் பின்னால் ஒரு சம்பவம் இருக்கிறது, அந்தச் சம்பவத்தில் ஒரு குழந்தை இருக்கிறது. சலவைத்தூள் போக்குவதும் அதைத்தான்.

இரண்டாவது சொல்லையும் கவனிக்க வேண்டும். ‘கறைகள் நல்லவை’ என்பது இலக்கணப்படி சரியான வாக்கியம், ஆனால் பாடப்புத்தகத்தில் மட்டுமே வாழக்கூடியது. ‘நல்லது’ என்பதோ, ‘கீரை கண்ணுக்கு நல்லது’ என்று பாட்டி சொல்லும் அதே சொல். வீட்டுப் பெரியவரின் தீர்ப்புபோல ஒலிப்பதால்தான் அந்த முரணான கருத்தை நம்மால் உடனே ஏற்க முடிகிறது.

விளம்பரத்தைத் தமிழாக்குகிறவர் செய்யும் வேலை இதுதான். மூல வாசகம் கேட்பவரிடம் என்ன செய்ய நினைக்கிறது என்று கண்டுபிடித்து, தமிழில் அதைச் செய்யக்கூடிய சொல்லைத் தேடுகிறார். இதை ஒரு கற்பனை விளம்பரத்தில் படிப்படியாகப் பார்க்கலாம்.

பொருள், சூடு காக்கும் மூடியுள்ள காபிக் குவளை. 30 விநாடிப் படம். ஓர் இளம்பெண் காலையில் தனக்காகக் காபி ஊற்றுகிறாள். அதற்குள் மகன் காலுறையைக் காணோம் என்கிறான், வாசலில் கூரியர்காரர் மணி அடிக்கிறார், மாமியார் மாத்திரையை எங்கே வைத்தாய் என்று கேட்கிறார். எல்லாம் முடிந்து வந்து உட்கார்ந்து ஒரு வாய் குடிக்கிறாள். முகம் மலர, ‘ஃபைனலி. மீ டைம்’ என்கிறாள். பின்னணிக் குரல்: ‘ஹாட் வென் யூ போர் இட். ஹாட் வென் யூ ரிமெம்பர் இட்.’ திரையின் அடியில் ஒரு வரி: 6 மணி நேரம் வரை சூடு.

அவளுடைய வசனத்தை முதலில் எடுப்போம். ‘இறுதியாக, எனக்கான நேரம்’ என்று எந்தத் தமிழ்ப் பெண்ணும் வாயைத் திறந்து சொல்ல மாட்டாள். வேலை ஓய்ந்து உட்காரும்போது அவள் சொல்வது ‘அப்பாடா’. களைப்பும் நிம்மதியும் அந்த ஒரு சொல்லிலேயே வந்துவிடுகின்றன. ஆனால் ஆங்கிலத்தில் ஏற்கெனவே எடுத்த படத்துக்கு டப்பிங் செய்கிறோம் என்றால் உதட்டசைவு ஒத்துப்போக வேண்டும். ம, ப ஆகிய ஒலிகளில் உதடுகள் மூடுவது பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரியும். ‘மீ டைம்’ என்பதில் தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் உதடு மூடுகிறது, ‘அப்பாடா’வில் நடுவில் ஒருமுறைதான். முகம் நெருக்கமாகத் தெரியும் காட்சியில் இந்த வித்தியாசம் உறுத்தும். அதனால் ‘ம்ம்… அப்பாடா’ என்று வைத்துப் பார்க்கலாம். குடித்த ருசியும் அந்த ‘ம்ம்’மில் சேர்ந்துகொள்கிறது. இன்னும் ஒட்டவில்லையென்றால், அவள் முதுகு தெரியும் காட்சிக்கு வசனத்தை நகர்த்தும்படி படத்தொகுப்பாளரிடம் கேட்பது நல்லது. உதட்டுக்காக வசனத்தைக் கெடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அடுத்தது பின்னணிக் குரல். நேராக மாற்றினால், ‘ஊற்றும்போது சூடு. நினைவுக்கு வரும்போதும் சூடு.’ பொருள் பிழையில்லை, ஆனால் உயிரில்லை. ஆங்கிலத்தில் வாக்கியத்தின் முதலிலேயே ‘ஹாட்’ வந்து இரண்டுமுறை அடிக்கிறது, அந்த அடிதான் அதன் அழகு. தமிழ் வாக்கியத்தின் எடை வினைமுற்றில், கடைசியில் இறங்கும். அங்கே ‘சூடு’ என்ற பெயர்ச்சொல் நின்றால் வாக்கியம் முடியாததுபோல் தொங்குகிறது. நீளமும் கூடிவிட்டது. ஆங்கிலத்தில் 12 அசைகள் இருந்த இடத்தில் தமிழில் 16 ஆகிவிட்டன. விநாடிகள் கூடப்போவதில்லை, ஆகவே குரல் கொடுப்பவர் அவசரமாகத்தான் படிக்க வேண்டும்.

சொற்களை விட்டுவிட்டு நம் வீட்டில் இந்தச் சங்கடத்தை எப்படிச் சொல்கிறோம் என்று யோசித்தால் ஒரு வினை தானாக வருகிறது: ‘காபி ஆறிப்போச்சு.’ சூட்டைப் பற்றிய நம் கவலையெல்லாம் ‘ஆறு’ என்ற வினைக்குள் இருக்கிறது. அதையே மறுத்துவிட்டால் வாசகம் கிடைத்துவிடும். ‘மறந்தாலும் ஆறாது.’ சுருக்கம், வினையில் முடிகிறது. ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. புண்ணும் ஆறாது, மனசும் ஆறாது. படமில்லாமல் கேட்டால் காதல் தோல்விப் பாட்டுபோல ஒலிக்கும். முன்னால் ‘வெச்சு’ என்று ஒரு சொல் சேர்த்தால் அந்தச் சோகம் விலகிவிடுகிறது, ஏனென்றால் வைத்து மறப்பது பொருளைத்தான். ‘வெச்சு மறந்தாலும் ஆறாது.’ ஒன்பது அசைகள். ‘நீங்கள்’, ‘உங்கள்’ எதுவும் தேவைப்படவில்லை. ஆங்கிலத்தில் ‘யூ’ இரண்டு இடத்தில் இருக்கிறதே என்று இங்கும் இரண்டு ‘நீங்கள்’ போடுவதுதான் மொழிபெயர்ப்பைக் காட்டிக்கொடுக்கும் முதல் தடயம்.

பேச்சில் வரும் ‘வெச்சு’ சுவரொட்டியில் சிலர் கண்ணுக்கு உறுத்தலாம். அங்கே ‘வைத்து’ என்று எழுதலாம், தாளம் கொஞ்சம்தான் குறையும். வானொலிக்குப் படமே கிடையாது என்பதால் ‘காபி’ என்ற சொல் முன்வரியில் கட்டாயம் வந்தாக வேண்டும்.

இவ்வளவு சுதந்திரமும் திரையின் அடியிலுள்ள அந்தச் சிறிய வரியில் நின்றுவிடும். ‘6 மணி நேரம் வரை’ என்பதிலுள்ள ‘வரை’யை ஓசைக்காக நீக்கினால், அதிகபட்சம் 6 மணி நேரம் என்ற கூற்று, நிச்சயம் 6 மணி நேரம் என்ற வாக்குறுதியாகிவிடும். தயாரிப்பாளரின் சோதனை அதற்கு ஆதாரம் தராது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் தடவையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். நட்சத்திரக் குறி போட்டு விளக்கம் தருவதென்றால், விளம்பரத்தின் கூற்று எந்த மொழியிலோ அந்த மொழியிலேயே விளக்கமும் இருக்க வேண்டும் என்று 2022இல் வந்த வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. தமிழ் விளம்பரத்தின் அடியில் ஆங்கிலப் பொடி எழுத்தை அப்படியே விட்டுவைக்க முடியாது.

கடைசிச் சிக்கல் ஒப்புதல் வாங்குவது. முடிவெடுப்பவர் மும்பையில் இருப்பார், தமிழ் தெரியாது. அதனால் தமிழ் வாசகத்தைத் திரும்ப ஆங்கிலமாக்கி அனுப்பச் சொல்வார்கள். ‘வெச்சு மறந்தாலும் ஆறாது’ அப்படிப் போனால் ‘கெப்ட் அண்ட் ஃபர்காட்டன், வில் நாட் கூல்’ என்று பரிதாபமாக நிற்கும். ‘ஹாட் எங்கே போயிற்று?’ என்ற கேள்வி நிச்சயம் வரும். நேர் மொழிபெயர்ப்பைத் திரும்ப ஆங்கிலமாக்கினாலோ மூலத்தைப் போலவே அழகாக வந்து நிற்கும், அதனால் மோசமான வாசகம் வென்றுவிடும். பல விளம்பரங்கள் விறைத்த தமிழில் வருவதற்கு முக்கியக் காரணம் எழுத்தாளரின் திறமைக் குறைவைவிட இந்தச் சோதனை முறைதான் என்று நினைக்கிறேன். ஆகவே திரும்ப ஆங்கிலமாக்கியதோடு மூன்று வரி விளக்கமும் அனுப்ப வேண்டும்: ஆறிப்போவது என்பது தமிழ் வீட்டில் தினமும் கேட்கும் புகார், வாசகம் அதை மறுக்கிறது, நேர் மொழிபெயர்ப்பைவிட ஏழு அசை குறைவு. கூடவே குரலில் பதிவுசெய்த இரண்டு வடிவங்களையும் அனுப்பினால், மொழி தெரியாதவருக்கும் எது இயல்பாக ஓடுகிறது, எது மூச்சு வாங்குகிறது என்பது காதிலேயே விழுந்துவிடும்.