சாட்பாட்டுக்கு இரண்டு காவல்

மருத்துவ சாட்பாட் ஒன்றிடம் ஒருவர் கேட்கிறார்: “பாராசிட்டமால் ஒரு நாளைக்கு எத்தனை போடலாம்?” காய்ச்சல்காரரும் இதைக் கேட்பார், உயிரை மாய்க்க நினைப்பவரும் கேட்கக்கூடும்.

அதனால் இரண்டு வடிகட்டிகள் வைக்கிறார்கள். ஒன்று கேள்வியைச் சோதிக்கும். மற்றது, கேள்வி நல்லதாக இருந்தும் பதில் தவறிப்போனால் பிடிக்கும். இரண்டுமே 0 முதல் 1 வரை ஆபத்து மதிப்பெண் தரும். எந்த மதிப்பெண்ணுக்கு மேல் தடுப்பது என்பதை மனிதர்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஒரு கணக்கு: 10,000 கேள்விகளில் 100 ஆபத்தானவை என்று வைத்துக்கொள்வோம். வடிகட்டி அவற்றில் 95-ஐப் பிடிக்கிறது. மீதி 9,900-இல் 2 சதவீதத்தை, அதாவது 198-ஐ, தவறாகத் தடுக்கிறது. தடுக்கப்பட்ட 293 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் அப்பாவிகள்! ஆபத்து அரிதாக இருப்பதே காரணம். எல்லையை உயர்த்தினால் இவர்கள் தப்புவார்கள். ஆனால், நழுவும் ஐந்து ஆபத்துகள் கூடும்.

எனவே நடு மதிப்பெண்ணுக்குத் தடை வேண்டாம். பாதுகாப்பான அளவைச் சொல்லி, உதவி எண்ணையும் தரலாம். முழுத் தடையை உச்ச மதிப்பெண்ணுக்கு மட்டும் வைப்பதே சரி.