ஐந்து லாரிக்கு ஒரே பாலிசியா, ஐந்து பாலிசியா?

சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் நூறு லாரி வைத்திருப்பவரும் உண்டு, ஒற்றை லாரியோடு ஓட்டுபவரும் உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் நாலைந்து வண்டியோடு தொழில் செய்பவர்களைத் தேடித்தான் இன்சூரன்ஸ் ஏஜென்ட் அதிகம் வருகிறார். "எல்லா வண்டியையும் சேத்து ஃப்ளீட் பாலிசியாப் போட்டுரலாம்ணே. ஒரே தேதி, ஒரே செக், இருபத்தஞ்சு பர்சென்ட் டிஸ்கவுண்ட்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் எதில் இருபத்தைந்து சதவீதம் என்று கேட்டுவிட வேண்டும்.

முதலில், ஃப்ளீட் என்றால் ஐந்து லாரிக்கும் சேர்த்து ஒரே காகிதம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டப்படி ஒவ்வொரு வண்டிக்கும் அதன் பதிவு எண், இன்ஜின் எண், சேசிஸ் எண்ணோடு தனிச் சான்றிதழ் இருக்க வேண்டும். செக்போஸ்டில் வண்டி எண்ணைத் தட்டிப் பார்த்தால் அந்த ஒரு வண்டியின் இன்சூரன்ஸ்தான் திரையில் வரும். 2022 ஜூலையில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் ஒரே உரிமையாளரின் பல வண்டிகளுக்கு ஒரே ஃப்ளோட்டர் பாலிசி தரலாம் என்று அனுமதித்தது உண்மை. ஆனால் அது தனிநபர்களின் கார்களுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும்தான். லாரிக்காரரிடம் விற்கப்படும் ஃப்ளீட் என்பது நடைமுறையில் ஒரு பேரம். எல்லா வண்டிக்கும் ஒரே கம்பெனி, ஒரே புதுப்பிப்புத் தேதி, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு தள்ளுபடி. அடுத்த ஆண்டு விலை சொல்லும்போது எல்லா வண்டிகளின் கிளெய்மையும் ஒன்றாகக் கூட்டிப் பார்ப்பார்கள். லாபமும் நஷ்டமும் இந்தக் கடைசி விஷயத்தில்தான் இருக்கிறது.

லாரிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் போட்டால் பிரீமியம் இரண்டு துண்டாக இருக்கும். ஒன்று தேர்ட் பார்ட்டி. நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் சாவு, காயம், சேதம் ஆகியவற்றுக்கானது. இதை மத்திய அரசு நிர்ணயிக்கிறது, கம்பெனி கம்பெனியாக மாறாது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலில், சரக்கோடு சேர்த்த மொத்த எடை 12 டன்னுக்கு மேல் 20 டன் வரை உள்ள லாரிக்கு 35,313 ரூபாய். 20 டன்னுக்கு மேல் 40 டன் வரை 43,950 ரூபாய். இரண்டாவது துண்டு ஓன் டேமேஜ், அதாவது நம் வண்டிக்கே ஆகும் சேதத்துக்கானது. 2007 முதல் இதில் கம்பெனிகள் தங்கள் இஷ்டப்படி விலை வைக்கலாம். ஏஜென்ட் சொல்லும் தள்ளுபடி முழுவதும் இந்த இரண்டாம் துண்டில் மட்டும்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவரிடம் ஆறு சக்கர வண்டி இரண்டு, பத்து சக்கர வண்டி மூன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். தேர்ட் பார்ட்டி மட்டும் 2,02,476 ரூபாய். இதில் பைசா குறையாது. ஓன் டேமேஜுக்கு வண்டிக்கு 20,000 என்று கம்பெனி சொல்கிறது என்போம். உண்மையில் வண்டியின் வயது, மதிப்பைப் பொறுத்து இது மாறும், கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒரே தொகையாக வைக்கிறேன். மொத்தம் ஒரு லட்சம்.

இதில் நோ கிளெய்ம் போனஸ் கழியும். ஓர் ஆண்டு முழுக்க கிளெய்ம் வாங்காத வண்டிக்கு ஓன் டேமேஜ் தொகையில் 20 சதவீதம் குறையும். தொடர்ந்து வாங்காமல் இருந்தால் 25, 35, 45, கடைசியாக 50 சதவீதம் வரை போகும். ஒரே ஒரு கிளெய்ம் வாங்கினால் மறுபடி பூஜ்யம். நம்மவரின் வண்டிகளில் இரண்டுக்கு 50 சதவீதம், ஒன்றுக்கு 35, ஒன்றுக்கு 20, போன ஆண்டு கிளெய்ம் வாங்கிய ஐந்தாவதுக்கு ஒன்றுமில்லை. தனித்தனி பாலிசியாகப் போட்டால் ஓன் டேமேஜ் 10,000, 10,000, 13,000, 16,000, 20,000. மொத்தம் 69,000.

இப்போது ஃப்ளீட் பேரம். எல்லா வண்டிக்கும் பொதுவாக 25 சதவீதத் தள்ளுபடி, ஆனால் போனஸ் தனியாகக் கிடையாது என்றால் ஓன் டேமேஜ் 75,000. தனித்தனியாகப் போட்டதைவிட 6,000 ரூபாய் கூடுதல்! போனஸும் உண்டு, அதற்கு மேல் 25 சதவீதமும் உண்டு என்றால் 51,750. மிச்சம் 17,250. நல்ல தொகைதான். ஆனால் மொத்த பிரீமியத்தில் பார்த்தால் அது ஆறு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவே. இரண்டு பேரத்தையும் ஏஜென்ட் ஒரே வாசகத்தில்தான் சொல்வார். ஆகவே வண்டிவாரியாக தேர்ட் பார்ட்டி எவ்வளவு, ஓன் டேமேஜ் எவ்வளவு, போனஸ் எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பிரித்துத் தர மறுக்கும் விலையை நான் நம்ப மாட்டேன்.

இது முதல் ஆண்டுக் கணக்கு. இரண்டாம் ஆண்டில்தான் விஷயம் தெரியும். ஒரு வண்டி தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் முன்னால் போன டிரெய்லரில் மோதி, கேபின் நொறுங்கி, நான்கு லட்சம் கிளெய்ம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். தனித்தனி பாலிசி என்றால் அந்த வண்டியின் போனஸ் போகும், மறு ஆண்டு அதற்கு விலை ஏறும். மற்ற நான்கு வண்டிகளின் போனஸ் அப்படியே இருக்கும். பொதுத் தள்ளுபடி மட்டும் உள்ள ஃப்ளீட் என்றால், கட்டிய ஓன் டேமேஜ் 75,000, கொடுத்த கிளெய்ம் 4,00,000 என்று கம்பெனி கூட்டிப் பார்க்கும். மறு ஆண்டு தள்ளுபடி மொத்தமாகப் போகலாம், அதுவும் ஐந்து வண்டிக்கும். நூறு வண்டிக்காரர் ஓன் டேமேஜுக்கே பதினைந்து, இருபது லட்சம் கட்டுகிறார், அவர் கணக்கில் ஒரு நான்கு லட்சம் கரைந்துவிடும். ஐந்து வண்டிக்காரருக்கு அந்த அகலம் இல்லை. அப்போது கோபித்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போகலாம் என்றாலும், எந்த வண்டிக்கு எத்தனை சதவீதம் போனஸ் என்று பழைய பாலிசியில் எழுதப்படாமல் இருந்தால் புதிய கம்பெனியிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

சின்னக் கிளெய்ம் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். 50 சதவீத போனஸில் இருக்கும் வண்டிக்கு ஒரு கிளெய்ம் வாங்கினால், மறு ஆண்டு 10,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். அடுத்த ஆண்டுகளில் 6,000, 5,000, 3,000, 1,000 என்று, பழைய நிலைக்குத் திரும்புவதற்குள் மொத்தம் 25,000 போய்விடும். இதைத் தெரிந்த ஓனர் பதினைந்தாயிரம் ரூபாய் பாடி வேலையைத் தன் செலவில் முடித்துக்கொள்வார். போனஸ் இல்லாத ஃப்ளீட்டில் அந்தக் கடிவாளம் கண்ணுக்குத் தெரியாது. கீறலுக்கும் ஒடுக்குக்கும் கிளெய்ம் போடத் தோன்றும். புதுப்பிக்கும்போது அவ்வளவும் கூட்டலில் வந்து நிற்கும்.

ஒரே தேதி என்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. வண்டி நாக்பூரில் லோடுக்குக் காத்திருக்கும்போது பாலிசி முடிந்துபோனது தெரியாமல் இருந்து, அந்த நேரத்தில் விபத்து நடந்தால் நஷ்டஈடு ஓனரின் வீடு, நிலத்தின் மேல்தான் வந்து விழும். 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்த போனஸும் போகும். ஆனால் அதே ஒரே தேதியில், நம் கணக்குப்படி இரண்டரை லட்சத்துக்கு மேல், ஜிஎஸ்டியும் சேர்த்து ஒரே நாளில் புரட்ட வேண்டும். வாடகை பாக்கி வர ஒன்றரை மாதம் ஆகிற தொழில் இது. டீசலுக்கும் டோலுக்கும் ரொக்கம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரோடு டாக்ஸ். ஐந்து தேதியாகப் பிரிந்திருந்தால் சமாளிக்கிற தொகை, ஒன்றாக வந்தால் வட்டிக்கு வாங்க வைக்கும்.

செக் திரும்பினால் இன்னும் மோசம். பிரீமியம் கைக்கு வராமல் கம்பெனிக்குப் பொறுப்பு தொடங்காது என்று இன்சூரன்ஸ் சட்டத்தின் 64 விபி பிரிவு சொல்கிறது. செக் திரும்பிய பாலிசியில் ஓன் டேமேஜ் தர வேண்டியதில்லை என்று 2001இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாலிசி ரத்தானதைக் கம்பெனி தெரிவிப்பதற்கு முன் விபத்து நடந்திருந்தால் மூன்றாம் நபருக்கு நஷ்டஈடு தர வேண்டும், பிறகு அதை ஓனரிடம் வசூலிக்க வழி உண்டு என்று 2012இல் தீர்ப்பானது. தனித்தனி செக்கில் ஒன்று திரும்பினால் ஒரு வண்டி மாட்டும். ஃப்ளீட் செக் திரும்பினால் ஐந்தும் மாட்டும்.

இவ்வளவும் யோசிப்பதற்கு முன்பே பல வீடுகளில் ஃப்ளீட் பேச்சு முடிந்துவிடும். இரண்டு வண்டி அப்பா பெயரில், ஒன்று மனைவி பெயரில், இரண்டு தம்பி பெயரில் இருக்கும். பாலிசி ஆர்.சி.யில் இருக்கும் பெயரில்தான் வர வேண்டும். ஒரே பெயரில் தள்ளுபடி வேண்டும் என்பதற்காக ஆர்.சி. ஒருவர் பெயரிலும் பாலிசி இன்னொருவர் பெயரிலும் போட்டுவிட்டால், கிளெய்மில் சர்வேயர் வைக்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். கடனில் இருக்கும் வண்டி என்றால் ஃபைனான்ஸ் கம்பெனி தானே இன்சூரன்ஸ் போட்டுத் தவணையோடு சேர்த்து வாங்குவதும் உண்டு. அந்த வண்டியை வெளியே எடுக்க அவர்கள் சம்மதம் வேண்டும்.

ஆக, ஐந்தாறு வண்டிக்காரருக்கு நான் சொல்வது இடைப்பட்ட வழி. பாலிசி வண்டிக்கு ஒன்றாக இருக்கட்டும், போனஸ் ஒவ்வொன்றிலும் எழுதப்பட்டிருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே ஏஜென்ட் மூலம் ஒரே கம்பெனியில் போட்டு, ஐந்தும் உங்களுக்குத்தான் என்று சொல்லியே ஓன் டேமேஜில் கூடுதல் தள்ளுபடி கேட்கலாம். தேதிகளை இரண்டு கொத்தாக, லோடு நன்றாக ஓடும் மாதங்களில் அமைத்துக்கொள்ளலாம். அதற்காக ஒரு வண்டிக்குச் சில மாதம் மட்டும் பாலிசி போட வேண்டி வந்தால், நாள் கணக்கில் பணம் வாங்குகிறார்களா, குறுகிய காலத்துக்கான கூடுதல் விகிதத்திலா என்று முன்பே கேட்க வேண்டும். இரண்டாவது முறையில் சில மாத பாலிசிக்கு முக்கால் ஆண்டுப் பணம் போய்விடக்கூடும்.

வண்டி பதினைந்து, இருபதைத் தாண்டி, எல்லாம் ஒரே நிறுவனத்தின் பெயரில் இருந்து, ஆண்டுக்கு ஒரு பெரிய விபத்து எப்படியும் நடக்கத்தான் செய்யும் என்கிற அளவு வந்தபின் ஃப்ளீட் பேரம் பேசலாம். அப்போதும் போனஸ் வண்டிவாரியாகத் தொடருமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டே பேச வேண்டும்.

இன்னொன்று, எந்த வழியில் போட்டாலும் பார்க்க வேண்டியது. ஓனரே ஓட்டும்போது அடிபட்டால் 15 லட்சம் தரும் கட்டாய விபத்துக் காப்பீடு ஆளுக்கானது, வண்டிக்கானது அல்ல. 2019 முதல் இதைத் தனியாக ஒருமுறை எடுத்தால் அவருடைய எல்லா வண்டிக்கும் போதும். ஐந்து பாலிசியிலும் அந்த வரிக்கு எதிரே பணம் போட்டிருந்தால், நான்கை அடிக்கச் சொல்லுங்கள்.